காய்க்கு ஐம்பது

அந்தக் கம்பெனியில் மொத்தமே இரண்டு பேர்தான்: அக்கா, தம்பி. மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறை, இரண்டு மேசை, ஒரு மின்விசிறி. மழை வந்தால் ஜன்னல் வழியே உள்ளே வரும் தண்ணீருக்கு ஒரு வாளி. தம்பிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே ‘ரேடியோ’ என்று பெயர். காலையில் வாயைத் திறந்தால் படுக்கும்போதுதான் மூடுவான். ஆட்களைப் பார்ப்பது, பேசுவது, வேலை பிடித்துக்கொண்டு வருவது எல்லாம் அவன் பொறுப்பு. அக்கா பேச மாட்டாள், புரோகிராம் எழுதுவாள்.

கணவன் வேண்டாம் என்று அவள் ஒரு பெட்டியோடு வந்து நின்ற நாளில் தம்பி ஒரு கேள்வி கேட்கவில்லை. பின்பக்க அறையிலிருந்த பழைய சாமானையெல்லாம் தானே வெளியே தூக்கிப் போட்டுவிட்டு, “உள்ள போய்ப் படுக்கா, காலையில பேசிக்கலாம்” என்றான். அந்தப் பேச்சு காலையிலும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. அவன் மனைவியும் முகம் கோணாதவள். இந்த நன்றிதான் பிற்பாடு அக்காவின் வாயைக் கட்டிப்போட்டது.

அவர்கள் செய்துகொண்டிருந்தது கையடக்கக் கருவி ஒன்றுக்கான ஆட்டம். எட்டுக்கு எட்டுப் பலகை. ஒருவருக்குக் கருப்புக் காய், ஒருவருக்கு வெள்ளை. எதிராளியின் காய்களை உங்கள் இரண்டு காய்களுக்கு நடுவே மாட்டவைத்தால் அவை புரண்டு உங்கள் நிறமாகிவிடும். புரட்ட முடிகிற இடத்தில்தான் காய் வைக்கலாம். பலகை நிறைந்த பிறகு யார் நிறம் அதிகமோ அவர் ஜெயித்தார். விதி அவ்வளவுதான். ஆனால் விளையாடிப் பார்த்தால்தான் அதிலிருக்கும் விஷமம் தெரியும். நடு ஆட்டத்தில் காய்களை வாரிக் குவிப்பவன்தான் பெரும்பாலும் கடைசியில் தோற்பான்.

கருவி சின்னது, அதன் மூளையும் சின்னது. ஐந்து நகர்த்தல் தூரம்தான் அதனால் பார்க்க முடியும். அங்கே போய் நின்று, ‘இந்த நிலைமை எனக்கு நல்லதா, கெட்டதா?’ என்று தனக்குத்தானே ஒரு மதிப்பெண் போட்டுக்கொள்ளும். அந்த மதிப்பெண்ணைச் சொல்லும் பகுதியைத்தான் அக்கா இரண்டு வருஷமாகச் செதுக்கியிருந்தாள். அதில் மூன்று சங்கதி. யாருக்குக் காய் அதிகம் என்பது ஒன்று. யாருக்குப் போக இடம் அதிகம் என்பது இன்னொன்று. காய் எந்தக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது மூன்றாவது. மூலைக் கட்டத்துக்கு நூறு. மூலையில் வைத்த காயை யாராலும் புரட்ட முடியாது. காலி மூலைக்குக் குறுக்கே ஒட்டிய கட்டத்துக்கு ஐம்பது கழிவு, ஏனென்றால் அங்கே வைப்பது மூலையை எதிராளிக்குத் தட்டில் வைத்து நீட்டுகிற மாதிரி.

இந்த மூன்றுக்கும் எவ்வளவு எடை என்பதில்தான் அவளுடைய உயிர் இருந்தது. தொடக்கத்தில் காய் எண்ணிக்கைக்கு அவள் சுழியம் போட்டிருந்தாள். போக்கிடத்துக்குத்தான் முதல் மரியாதை. ஆட்டம் நகர நகர எண்ணிக்கையின் எடை மெல்ல ஏறும். கடைசி எட்டுக் கட்டம் மிச்சமிருக்கும்போது இந்தக் கணிப்பையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு, இருக்கிற எல்லா வழியையும் முடிவு வரைக்கும் போய்ப் பார்த்துவிடும். அங்கே எண்ணிக்கை மட்டும்தான் பேசும்.

எடைகளைக் கொஞ்சம் மாற்றுவாள், புதியதைப் பழையதோடு நூற்றுக்கணக்கான ஆட்டம் மோதவிடுவாள், ஜெயித்ததை வைத்துக்கொள்வாள், திரும்பவும் மாற்றுவாள். தம்பி டீயை உறிஞ்சிக்கொண்டே, “இன்னிக்கு யாருக்கா ஜெயிச்சது, உன் மூத்த பிள்ளையா இளையவனா?” என்பான். முதல் வருஷம் முழுக்க அந்தப் புரோகிராம் கண்டவனிடமெல்லாம் தோற்றது. அத்தனை தோல்வியையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

சிக்கல் ஒரு பட்டையால் வந்தது.

கருவி செய்கிற பெரிய கம்பெனியில் கொள்முதல் பார்க்கும் அம்மாள், திரைக்கு மேலே ஒரு பட்டை வேண்டும் என்று கேட்டிருந்தார். யார் முன்னணியில் இருக்கிறார்கள் என்று கருப்பும் வெள்ளையுமாகக் காட்டவேண்டும். அக்கா தன் மதிப்பெண்ணையே அந்தப் பட்டைக்குக் கொடுத்துவிட்டாள். போன மாதம் தம்பி அதைக் கொண்டுபோய்க் காட்டினான். பலகை முழுக்க வெள்ளை. கருப்பு ஆறே ஆறு. மேலே பட்டையோ, கருப்புதான் ஜெயிக்கிறது என்று பல்லை இளித்தது. அந்த அம்மாள் சிரித்துவிட்டாராம்.

“கண்ணு தெரியாத மெஷினான்னு கேக்குறாங்கக்கா. மானம் போச்சு.”

“அந்த ஆட்டத்துல கருப்பு ஜெயிச்சதா இல்லையா?”

“அது வரைக்கும் யாரு பாத்தா? பாதியிலயே எந்திரிச்சுப் போயிட்டாங்க.”

அக்கா யோசித்தாள். “சரி, பட்டையில வெறும் காய் எண்ணிக்கையக் காட்டிடுறேன். மதிப்பெண் உள்ளுக்குள்ளயே இருக்கட்டும்.”

“பட்டை மட்டுமில்லக்கா. ஆட்டத்தைப் பாத்தாலே தோத்துக்கிட்டிருக்கிற மாதிரி இருக்கு. காய் எடுக்க வாய்ப்பு வந்தாலும் எடுக்காம ஒதுங்கி ஒதுங்கிப் போவுது. பாக்கிறவங்களுக்கு என்ன தோணும்? காய்க்குக் கொஞ்சம் எடை ஏத்தேன்.”

“ஏத்தினா தோக்கும்.”

“கொஞ்சமா.”

“டேய், அது உப்பு இல்ல, கொஞ்சமா போடுறதுக்கு. அதைத் தொடாதே.”

ரேடியோ அன்றைக்கு அதற்கு மேல் பேசவில்லை. அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

இறுதித் தேர்வுக்கு இரண்டு கம்பெனிகளைக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு புரோகிராம்களையும் நேருக்கு நேர் மோதவிட்டுப் பார்ப்பது என்று ஏற்பாடு. பெரிய கூடம். நீள மேசை. குளிரூட்டி ஓடிய வேகத்தில் அக்காவின் விரல்கள் விறைத்தன. எதிர்ப்பக்கம் சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட நெட்டை மனிதர், தனியாக வந்திருந்தார். அவரும் அவளைப் போலவே பேசாத ஜாதி என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. கொள்முதல் அம்மாள் மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்து, “ம், ஆரம்பிங்க. இன்னிக்கு முழுசா பாக்கப் போறேன்” என்றார். தம்பியின் முகம் ஒரு கணம் சுண்டியது. ஏன் என்று அக்காவுக்கு அப்போது புரியவில்லை.

அவர்களுக்குக் கருப்பு. தம்பி லேப்டாப்பில் காயைத் தட்டினான், சுவரில் பெரிதாகப் பலகை விரிந்தது.

நான்காவது நகர்த்தலில் அக்கா சுவரை உற்றுப் பார்த்தாள். உள்ளே ஒதுங்கி ஒரே ஒரு காயைப் புரட்டும் வழி இருந்தது. அவளுடைய புரோகிராம் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் எடுக்கும். இது வெளிப்பக்கம் தாவி மூன்று காய்களை அள்ளியது. ஒருவேளை தூரத்தில் எதையாவது பார்த்திருக்குமோ என்று நினைத்தாள். அடுத்த நகர்த்தலிலும் அள்ளியது. அதற்கடுத்ததிலும். பெற்ற பிள்ளையின் நடையைத் தெருமுனையிலேயே அடையாளம் கண்டுவிடலாம். இது அவள் பிள்ளையின் நடை இல்லை.

“எண்ணிக்கையத் தொட்டியா?” என்று உதடு அசையாமல் கேட்டாள்.

தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையசைத்தான்.

“எவ்ளோ போட்ட?”

“...அம்பது.”

“ஆட்டத்துல எந்தப் பகுதிக்கு?”

“எல்லாத்துக்கும்” என்றான், காதோடு காதாக. “பாதியில எந்திரிச்சுப் போயிடுவாங்கன்னு நெனச்சேன்கா.”

காய்க்கு ஐம்பது. அக்கா மனதுக்குள் கணக்குப் போட்டாள், போடாமல் இருக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் கருப்புக்கு ஒரு மூலை தானாகவே வாய்த்தது. அங்கே வைத்தால் இரண்டு காய் புரளும். தன் பக்கம் மூன்று கூடி, எதிராளிக்கு இரண்டு குறையும், வித்தியாசம் ஐந்து. ஐந்துக்கு இருநூற்றைம்பது, மூலைக்கு நூறு, ஆக முந்நூற்றைம்பது. நடுவில் இன்னொரு கட்டம் இருந்தது, அங்கே ஏழு காய் புரளும். வித்தியாசம் பதினைந்து. எழுநூற்றைம்பது. புரோகிராம் தயங்கவே இல்லை. மூலையை விட்டுவிட்டு நடுவில் போய் உட்கார்ந்தது.

எதிரே ஸ்வெட்டர்காரர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எகத்தாளம் இல்லை அந்தப் பார்வையில். நல்லாத்தானே இருந்தீங்க, என்ன ஆச்சு என்று கேட்பது போல இருந்தது. அக்கா தலை குனிந்துகொண்டாள். அந்தக் கூடத்தில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்த ஆட்கள் அவர்கள் இரண்டு பேர் மட்டுமே.

மற்றவர்களுக்கெல்லாம் கருப்பு வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. பட்டையை அக்கா இன்னும் மாற்றவில்லை, அது மதிப்பெண்ணையேதான் காட்டியது; முக்கால்வாசிக்கு மேல் கருப்பு. கொள்முதல் அம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “அடேயப்பா! போன மாசம் பாத்தது இதுதானா?”

“அதேதான் மேடம், கொஞ்சம் தீட்டியிருக்கோம்” என்றான் தம்பி.

பலகையில் கருப்பு முப்பத்தெட்டு, வெள்ளை எட்டு. அந்த எட்டுக்கும் போக்கிடம் பன்னிரண்டு இருந்தது. சுற்றிலும் புரட்டுவதற்குக் கருப்பு சுவர் மாதிரி நின்றது அல்லவா. கருப்புக்கோ புரட்ட வெள்ளையே அதிகம் மிச்சமில்லை. போக இரண்டே இடம், இரண்டும் காலி மூலைக்கு ஒட்டியவை. ஆனாலும் புரட்ட வழி இருக்கும்போது சும்மா இருக்க விதி விடாது. அக்காவுக்கு எழுந்து போய் மின்கம்பியைப் பிடுங்கிவிடலாம் போலிருந்தது. பேசாமல் உட்கார்ந்திருந்தாள். இருட்டில் படிக்கட்டு முடிந்தது தெரியாமல் இன்னொரு படிக்குக் கால் வைக்கப்போகிற ஆளைக் கூப்பிடக் குரல் வராமல் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

கருப்பு வைத்தது. வெள்ளை மூலையை எடுத்தது. அந்தப் பக்கத்து ஓரம் முழுவதும் வரிசையாக வெள்ளையானது. பட்டை கொஞ்சம் அசைந்து, மீண்டும் கருப்பிலேயே நின்றது. பலகையில் இன்னமும் கருப்புதான் அதிகம், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். இரண்டாவது மூலை போனது. பிறகு கருப்பு, போக இடமே இல்லாமல், ஒரு முறை கைகட்டி நின்றது. வெள்ளை தொடர்ந்து இரண்டு வைத்தது.

எட்டுக் கட்டம் மிச்சம் இருந்தது. இதற்குமேல் கணிப்பு இல்லை, முடிவு வரைக்கும் பார்த்துவிடும். பார்த்தது. பட்டை ஒரே நொடியில் கருப்பிலிருந்து வெள்ளைக்குச் சரிந்தது, ஒரு கீற்று மட்டும் மிச்சம் வைத்து.

“அய்யய்யோ!” என்றார் கொள்முதல் அம்மாள், நெஞ்சில் கையை வைத்து.

ஆட்டம் முடிந்தபோது கருப்பு பதினேழு, வெள்ளை நாற்பத்தேழு. தம்பி லேப்டாப்பை மூடப் போனான். அவன் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது, அந்தக் குளிரிலும்.

“மூடாதீங்க” என்றார் அந்த அம்மாள். அவர் முகம் மலர்ந்திருந்தது. “எனக்கு இதுதான் வேணும்.”

யாருக்கும் புரியவில்லை.

“அவரோட மெஷின் நல்ல மெஷின், இல்லேங்கல. ஆனா அதை வாங்கிட்டுப் போறவன் பத்து ஆட்டம் தோத்துட்டு அலமாரியில போட்டுடுவான். இது பாருங்க, கடைசி வரைக்கும் நம்மள அடிச்சுத் தொவைக்குது. தோத்தோம்னு நெனைக்கிறப்ப ஜெயிக்க வைக்குது. எங்க வீட்டுக்காரர் சண்டை போடுற மாதிரியே இருக்கு. முக்கால் மணி நேரம் அவர்தான் ஜெயிப்பாரு.” சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். “வேணும்னே இப்படி வச்சீங்களா?”

அக்கா வாயைத் திறந்தாள். அது தப்பான எடை, என் ஆட்டம் அது இல்லை, அசலை ஒரு தடவை பாருங்கள் என்று சொல்லவேண்டும். மேசைக்குக் கீழே தம்பியின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது அவன் பிடிக்கிற அதே பிடி.

“ஆமா மேடம்” என்றான் தம்பி. “டிசைனே அப்படித்தான். அக்காவோட யோசனை.”

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது ஸ்வெட்டர்காரர் வந்து பக்கத்தில் நின்றார். தம்பி உள்ளே கைகுலுக்கிக்கொண்டிருந்தான்.

“உங்க பழைய டெமோவை நான் பாத்திருக்கேங்க” என்றார், கதவைப் பார்த்தபடியே. “பயந்துகிட்டுத்தான் வந்தேன். நடு ஆட்டத்துல எண்ணிக்கைக்கு எடை ஏத்திட்டீங்களா?”

“ஏறிடுச்சு.”

அவர் தலையாட்டினார். “எங்க ஆபீஸ்ல என்ன சொல்றதுன்னு யோசிக்கிறேன். நாற்பத்தேழு பதினேழுன்னு ஜெயிச்சோம், அதனால வேலை போச்சுன்னா நம்புவாங்களா?” சிரிக்க முயன்றார், சிரிப்பு வரவில்லை. லிஃப்டு வந்தது. தன் முகவரி அட்டையை அவளிடம் கொடுத்துவிட்டு அவர் படியில் இறங்கிப் போனார்.

திரும்பும் பஸ்ஸில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பேசித் தீர்த்தான். கடவுளாப் பாத்து குடுத்தது, இனிமே வாளி வைக்கிற ஆபீஸ் வேண்டாம், குழந்தை பிறக்கிற நேரத்துக்கு நல்ல வீடு பாத்துடலாம் என்று. பிறகு அவள் பேசாததைக் கவனித்து நிறுத்தினான்.

“கோவமாக்கா?”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா விட்டிருப்பியா?”

“மாட்டேன்.”

“அப்புறம்?”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவளுக்கு அவன் எண்ணை மாற்றியதைவிட, ‘அக்காவோட யோசனை’ என்று சொன்னதுதான் ஆறவில்லை. தோற்றதற்கு அவள் பெயரை வைத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். தப்பை எடுத்து அவள் கெட்டிக்காரத்தனம் என்று அவள் தலையிலேயே கட்டிவிட்டான்.

பிறகு வந்த மாதங்கள் முழுக்க அவள் அந்தத் தப்பைத்தான் மெருகேற்றினாள். வேகமாக்கினாள், கருவிக்குள் அடங்கும்படி சுருக்கினாள். அசல் எடைகளை ‘கடினம்’ என்று இன்னொரு நிலையாக வைக்கலாமா என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். நினைவகத்தில் இடம் இருந்தது, நாலைந்து எண்கள்தானே. கொள்முதல் அம்மாள், தோற்கிறவர்கள் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், வேண்டாம் என்றார். தம்பி அதற்கு மறுபேச்சுப் பேசவில்லை. ஊரெல்லாம் பேசுகிறவன், அந்த ஒரு இடத்தில் பேசவில்லை.

கருவி நன்றாக விற்றது. தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. புது ஆபீஸுக்கு மாறும்போது அக்கா தனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது என்றாள். சரக்கு வண்டிகள் எந்தத் தெரு வழியாகப் போனால் சீக்கிரம் போகும் என்று கணக்குப் பார்க்கும் வேலை. தம்பி மனைவி அழுதாள். தம்பி, “உன் இஷ்டம்கா” என்று சொல்லிவிட்டு, பின்பக்க அறையிலிருந்து அவள் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் வைத்தான். சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் சமாதானம் ஆகவாவது ஒரு வழி இருந்திருக்கும். வாரம் ஒரு முறை போன் செய்வான், குழந்தை குப்புற விழுந்ததைச் சொல்வான், சாப்பிட்டாயா என்பான். ஆட்டத்தைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது அந்த முகவரி அட்டை ஒரு கைப்பைக்குள்ளிருந்து கிடைத்தது. என்ன தோன்றியதோ, ஸ்வெட்டர்காரருக்கு எழுதினாள்: அசல் எடைகள் என்னிடம் இருக்கின்றன, விருப்பமிருந்தால் ஒரு ஆட்டம். உடனே பதில் வந்தது. அவருடைய கம்பெனி ஆட்டப் பிரிவையே மூடிவிட்டதாம். இப்போது வேறெங்கோ சம்பளப் பட்டியல் மென்பொருள் எழுதுகிறாராம். ஆனால் புரோகிராம் வீட்டில் இருக்கிறது, ஆடலாம் என்றார்.

ஒருவர் நகர்த்தலை இன்னொருவருக்குத் தட்டி அனுப்பி ஆடினார்கள். அவள் புரோகிராம் ஒதுங்கி ஒதுங்கிப் போனது, ஐந்தாறு காய்களை வைத்துக்கொண்டு பொறுமையாக மூச்சுப் பிடித்து நின்றது, எதிராளியின் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தது. ஒரு கட்டத்தில் ஸ்வெட்டர்காரர், “ஐயோ, மூலைக்குப் பக்கத்துலதான் போகணும் போல” என்று எழுதினார். முப்பத்தாறு, இருபத்தெட்டு. அக்கா ஜெயித்தாள்.

“இதைத்தான் அன்னிக்கு எதிர்பாத்தேன்” என்று அவர் எழுதினார். கொஞ்சம் கழித்து, “வாழ்த்துகள். எனக்குத் துணி எடுத்து வைக்கணும், மழை வருது.”

அக்கா திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெயித்ததை யாரிடமாவது கொட்டவேண்டும் போல இருந்தது. இதை யாரிடம் சொன்னால் புரியும் என்று யோசித்தாள். ஒரே ஒரு ஆளுக்குத்தான் புரியும். போனை எடுத்து அழுத்தினாள்.

தம்பி மனைவிதான் எடுத்தாள். பின்னால் குழந்தை வீல்வீலென்று கத்திக்கொண்டிருந்தது. “அண்ணி, நல்லாயிருக்கீங்களா? அவர் வெளியில யாரையோ பாக்கப் போயிருக்காரு. அடுத்த கருவிக்குப் பேசிக்கிட்டிருக்காங்க. வந்ததும் பேசச் சொல்லட்டுமா?”

“வேண்டாம்மா.”

“ஏதாவது முக்கியமா அண்ணி?”

“ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்பிட்டேன். குழந்தையைத் தூக்கு, அழுவுது பாரு.”

போனை வைத்துவிட்டு, மடித்த துணிகளைக் கொண்டுபோய் அலமாரியில் அடுக்கினாள்.